சிவப்பு எந்த நிறம்?

2020 ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவின் தோல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கால் விரல்களின் படங்கள். விரல் நுனி வீங்கி, சிவந்து, அங்கங்கே ஊதாவாகியிருந்தது. கடுங்குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வரும் விரல் வீக்கம் போலவே இருந்தது. ஆனால் அப்போது வசந்தம் வந்துவிட்டது. பலர் வீட்டை விட்டு வெளியே போகவேயில்லை. 'கோவிட் விரல்' என்ற பெயர் சில வாரங்களில் நிலைத்துவிட்டது. ஸ்பெயினில் 375 நோயாளிகளைப் பார்த்து, கோவிட் காலத்துத் தோல் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்து ஒரு கட்டுரையும் வந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் இந்தப் படங்களை வைத்துத்தான் புதிய நோயின் தோல் அறிகுறிகளைக் கற்றுக்கொண்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கருந்தோலுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவை நடத்திவரும் ஜென்னா லெஸ்டர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அந்தப் படங்களை ஒன்றுவிடாமல் எண்ணினார்கள். கோவிட் காலத்துத் தோல் மாற்றங்களைப் பற்றி அதுவரை வந்திருந்த கட்டுரைகளில் படங்களோடு இருந்தவை 36. அவற்றில் மொத்தம் 130 படங்கள். தோல் நிறத்தை 1 முதல் 6 வரை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின்படி பார்த்தால், 92 விழுக்காடு படங்கள் முதல் மூன்று வகை, அதாவது வெளிர்தோல். நான்காம் வகை விரல்விட்டு எண்ணும் அளவே. ஐந்தாம், ஆறாம் வகைகளில், அதாவது கரும்பழுப்பிலும் கறுப்பிலும், ஒரு படம்கூட இல்லை.

தோல் மருத்துவப் பாடநூல்களில் ஏன் வெளிர்தோலே நிறைந்திருக்கிறது என்று பேச இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பாடநூல் என்றால் 'பழைய புத்தகம், பழைய படம், அந்தக் காலத்தில் யார் கிடைத்தார்களோ அவர்களை எடுத்தார்கள்' என்று சொல்லிவிடலாம். இவை பழைய படங்கள் இல்லை. நோயும் புதிது, படமும் புதிது, பல படங்கள் கைபேசியில் எடுத்தவை. அதே மாதங்களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும்தான் மற்றவர்களைவிட அதிக வீதத்தில் கோவிட் மருத்துவமனைகளில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். வெற்றுப் பலகையில் புதிதாக எழுதத் தொடங்கியபோதும் பழைய எழுத்தே வந்து விழுந்தது.

இதில் அவசரமாக ஒரு முடிவுக்குப் போய்விடக் கூடாது. படம் இல்லை என்பதால் கருந்தோலில் கோவிட் விரல் ஏராளமாக வந்தது, மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள் என்று நிரூபணம் ஆகிவிடாது. வெளிர்தோல் உள்ளவர்களுக்கு அது உண்மையிலேயே அதிகமாக வந்திருக்கலாம். அல்லது கருந்தோலில் வந்தும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். எந்த விளக்கம் சரி என்பதைச் சொல்ல அந்த 130 படங்களால் முடியவில்லை என்பதுதான் சிக்கலே. நோய் இல்லாததால் படம் இல்லையா, பார்க்கத் தெரியாததால் படம் இல்லையா என்ற கேள்விக்கே பதில் கிடைக்காத நிலை.

பார்க்கத் தெரியாமல் போவது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள 'சிவத்தல்' என்ற ஒரே அறிகுறியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

தோல் எப்படிச் சிவக்கிறது

நம் ஊரில் ஒருவரை 'நல்ல சிவப்பு' என்றால் வெளிர்நிறம் என்று பொருள். பெண் பார்க்கப் போனவர்கள் மாநிறமா, சிவப்பா என்று கேட்பது இந்தச் சிவப்பைத்தான். மருத்துவர் 'தோல் சிவந்திருக்கிறதா' என்று கேட்பது வேறு சிவப்பு. அது அழற்சியின் அடையாளம்; மருத்துவத்தில் எரிதீமா என்பார்கள். இந்த இரண்டு சிவப்புகளும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. ஏனென்றால் இரண்டாவது சிவப்பு கண்ணுக்கு நேராகத் தெரிவது முதல் சிவப்பு உள்ளவர்களிடம்தான்.

அழற்சி வந்தால் உள்தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை, மஞ்சள் ஒளியை விழுங்கிக்கொண்டு சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அந்த ஒளி நம் கண்ணுக்கு வர மேல்தோலைக் கடந்தாக வேண்டும். மேல்தோலில் மெலனின் இருக்கிறது. மெலனினைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமித் துகள்களின் அளவும் பரவலும்தான் மாறுபடுகின்றன. மெலனின் எல்லா நிற ஒளியையும் ஓரளவு விழுங்கும். ஒளி உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது மறுமுறை என்று இரண்டு தடவை அதைக் கடக்கிறது. வெளிர்தோலில் ரோஜா நிறமாகத் தெரியும் அதே ரத்த ஓட்டம், மாநிறத்தில் செம்பழுப்பாகவும், இன்னும் கருத்த தோலில் ஊதா கலந்த கறுப்பாகவும் சாம்பல் பூத்த பழுப்பாகவும் தெரிவது இதனால்தான். சில நேரம் நிறமாற்றமே தெரியாது. தொட்டால் சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

நோய் ஒன்றே, நிறம் வேறு. ஆனால் பாடநூல் எழுதியவர்கள் ஒரு நிறத்தை மட்டும் பெயராகவே வைத்துவிட்டார்கள். எரிதீமா என்றாலே கிரேக்கத்தில் சிவத்தல். ரோசேசியா, ரோசியோலா, ரூபெல்லா எல்லாம் ரோஜாவும் சிவப்பும். 1860இல் பாரிஸில் ழிபேர் ஒரு தோல் நோய்க்குப் பிட்டிரியாசிஸ் ரோசியா என்று பெயரிட்டார். இளஞ்சிவப்பு உமி என்று சொல்லலாம். நம் ஊர் முதுகில் அது வரும்போது பெரும்பாலும் சாம்பல் படிந்த பழுப்பாகவோ கறுப்பாகவோ வரும். பெயரை நம்பி இளஞ்சிவப்பைத் தேடும் மாணவர் அதைப் படர்தாமரை என்றோ தேமல் என்றோ எண்ணிவிடுவார்.

எனக்கு இது பயிற்சிக் காலத்தில் நேர்ந்தது. லைக்கன் பிளேனஸ் என்ற நோய்க்குப் புத்தகம் சொன்ன நிறம் ஊதா. புறநோயாளிப் பிரிவில் வந்தவர்களுக்கு இருந்ததோ பலகைக் கறுப்பு. ஊதா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். மேடம் அருகில் வந்து, "நிறத்தை விடுப்பா, மேலே தடவிப் பார், தட்டையா பளபளன்னு இருக்கா? நல்லா அரிக்குதான்னு கேளு" என்றார். தேர்வில் மட்டும் ஊதா என்று எழுதச் சொன்னார். இந்திய மருத்துவர்களுக்குக் கண் பழகிவிடும், நோயாளிகளே பாடம் நடத்திவிடுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட பாடநூலில் நம் தோல்தான் இருக்கிறது. லைக்கன் பிளேனஸிலேயே, கறுப்புத் திட்டுகளாக மட்டும் வரும் ஒரு வகையை 1974இல் டெல்லியைச் சேர்ந்த பூட்டானியும் சக மருத்துவர்களும் இந்திய நோயாளிகளிடம் விவரித்து எழுதினார்கள். ஆனால் லண்டனிலோ பாஸ்டனிலோ படிக்கும் மாணவருக்கு அப்படிப் பழக வாய்ப்பு குறைவு. அவருக்குப் படம்தான் முதல் நோயாளி.

ஒரு மதிப்பெண் மாறினால் என்ன ஆகும்

சிவப்பு தெரியாமல் போனால் நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பதை எண்ணாலேயே காட்டலாம். எக்சிமாவின் தீவிரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. உடலை நான்கு பகுதியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் சிவத்தல், வீக்கம், சொறிந்த காயம், தோல் தடித்தல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அந்தக் கூட்டலை, நோய் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்ற எண்ணாலும், அந்த உடற்பகுதிக்கு உரிய எடையாலும் பெருக்குவார்கள். மொத்தம் 7 வரை இருந்தால் லேசானது, அதற்கு மேல் 21 வரை நடுத்தரம்.

ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கால்களில் மட்டும் எக்சிமா, கால்களின் பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு. இந்தப் பரப்புக்கு எண் 3. எட்டு வயதுக்குள் உள்ள குழந்தையின் கால்களுக்கு எடை 0.3. வீக்கம் 2, சொறிந்த காயம் 2, தடித்தல் 1. சிவத்தல் உண்மையில் கடுமையானது, 3.

```
வெளிர்தோல்: (3 + 2 + 2 + 1) × 3 × 0.3 = 7.2   → நடுத்தரம்
கருந்தோல்:  (0 + 2 + 2 + 1) × 3 × 0.3 = 4.5   → லேசானது
```

இரண்டாவது வரியில் நோய் குறையவில்லை. சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் மருத்துவர் 0 போட்டிருக்கிறார், அவ்வளவுதான். சிகிச்சை இந்த வகைப்பாட்டைப் பார்த்துத்தான் முடிவாகிறது என்றால் இரண்டாவது குழந்தைக்கு வலுக்குறைந்த களிம்போடு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாய் மறுபடி மறுபடி வந்துகொண்டிருப்பார்.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. 2002இல் பென்-கஷீரும் ஹேயும் பிரிட்டனில் எக்சிமா உள்ள கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இதேபோல் சிவத்தலையும் சேர்த்து எண்ணும் இன்னொரு மதிப்பெண் முறையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சிவத்தல் மதிப்பெண்ணால் வரும் பிழையைக் கணக்கில் சரிசெய்தபின் பார்த்தால், கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடுமையான எக்சிமா இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. மதிப்பெண் தாளிலேயே நோய் ஒளிந்திருந்திருக்கிறது. அதனால்தான் இப்போது மேலே கணக்குப் போட்ட முறையைக் கற்பிக்கும் வழிகாட்டியில், கருந்தோலில் சிவப்பைக் கணிப்பது கடினமாக இருந்தால் சிவத்தல் மதிப்பெண்ணை ஒரு படி கூட்டிப் போடச் சொல்கிறார்கள். நம் குழந்தைக்கு 0க்குப் பதில் 1 போட்டாலும் 5.4தான் வரும், லேசானது என்ற வகையைத் தாண்டாது. ஒட்டுப்போட்ட தீர்வுக்கு இருக்கும் எல்லை இது. கண்ணைப் பழக்குவதற்கு வேறு மாற்று இல்லை. கண்ணைப் பழக்க, சரியான படம் வேண்டும்.

வெளிர்படங்கள் வந்த வழி

தோல் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது லண்டன், பாரிஸ், வியன்னா மருத்துவமனைகளில். அங்கே வந்த நோயாளிகளையே வரைந்தார்கள். பாரிஸின் சேன் லூயி மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டில் பரெத்தா என்ற கைவினைஞர் நோயாளிகளின் உடலிலேயே அச்செடுத்து, மெழுகு வார்த்து, நிறம் பூசினார். அங்கே அப்படிச் சேர்ந்த மெழுகு உருவங்கள் நாலாயிரத்துக்கு மேல். அந்தக் கலையின் நுணுக்கத்தைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். உலகெங்கிலும் இருந்து மருத்துவர்கள் அவற்றைப் பார்த்துப் படிக்க வந்தார்கள். ஒரு நகரத்து மக்களின் தோல் ஒரு துறையின் அளவுகோலாகிவிட்டது இப்படித்தான்.

அப்புறம் வண்ணப் புகைப்படம் வந்தது. கோடாக் நிறுவனத்தின் படச்சுருளைக் கழுவும் நிலையங்களில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்புவார்கள். பல பத்தாண்டுகள் அந்த அட்டையில் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். முதலில் நின்ற பெண்ணின் பெயரால் அதை ஷர்லி அட்டை என்றே அழைத்தார்கள். அந்த முகம் அழகாக வந்தால் நிறம் சரி. பக்கத்தில் கருந்தோல் உள்ளவர் நின்றால் அவர் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரியும். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இதைத் தேடிப் போனபோது கிடைத்த தகவல் மனதை உறுத்துகிறது. பழுப்பு நிறங்களைப் படச்சுருள் சரியாகக் காட்டவில்லை என்று நிறுவனத்தை அசைத்த குறைகளில் முக்கியமானவை சாக்லேட் நிறுவனங்களிடமிருந்தும் மரச்சாமான் செய்வோரிடமிருந்தும் வந்தவை. மனிதர்களின் முகம் அந்த அளவுக்குக் கணக்கில் வரவில்லை. தோல் நோய்ப் படம் எடுப்பவர்களும் அதே படச்சுருளைத்தான் பயன்படுத்தினார்கள். கருந்தோலில் ஒரு மங்கிய ஊதாத் திட்டை எடுத்தால் அது படத்தில் வரவே வராது. வராத படத்தை யாரும் புத்தகத்தில் போடமாட்டார்கள்.

புத்தகத்துக்குப் படம் வந்து சேரும் வழியும் ஒரு காரணம். ஆசிரியர் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து கொடுப்பார், அடுத்த பதிப்புக்கும் அதுவே போகும், பிறகு வேறு புத்தகம் அதை அனுமதி வாங்கி எடுத்துக்கொள்ளும். ஒரு நல்ல படம் முப்பது நாற்பது ஆண்டு வாழும். 2018இல் லூயி, வில்க்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் அதிகம் பயன்படும் நான்கு பாடநூல்களின் 4,146 படங்களைப் பார்த்தார்கள். கருந்தோல் இருந்தது 4.5 விழுக்காடு. தோல் மருத்துவப் புத்தகங்களை மட்டும் பார்த்த லிப்பாஃப் குழுவின் கணக்கில் புத்தகத்துக்குப் புத்தகம் 4 முதல் 18 விழுக்காடு வரை இருந்தது.

இருக்கும் அந்தச் சில படங்களிலும் ஒரு கோணல் உண்டு. லெஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2019இல் எழுதியதன்படி, சாதாரண நோய்களுக்குக் கருந்தோல் படம் அரிது. சிஃபிலிஸ் போன்ற பால்வினை நோய்களுக்கு வந்தால் கருந்தோல் படங்கள் அதிகம். பருவுக்கும் எக்சிமாவுக்கும் வெள்ளை முகம், மேகநோய்க்குக் கறுப்பு உடல். இதைப் பார்த்து வளரும் மாணவர் கருந்தோல் நோயாளியின் சாதாரணத் தடிப்பைப் பார்த்ததும் முதலில் எதைச் சந்தேகிப்பார் என்று நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் உள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோயை வேடிக்கை பார்த்த வரலாறும் இருக்கிறது. இன்று அந்தச் சமூகத்தினரிடம் போய் 'உங்கள் தோலைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்பவர் அந்த வரலாற்றையும் சுமந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

புதிய அட்லஸ் எப்படி உருவாகிறது

2020இலேயே லண்டனின் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், தன் ஆசிரியர்கள் மார்கோ டர்னர், பீட்டர் டமோனி இருவருடன் சேர்ந்து ஒரு சிறு கையேட்டை இலவசமாக வெளியிட்டார். வகுப்பில் ஒவ்வொரு அறிகுறிக்கும் 'இது கருந்தோலில் எப்படி இருக்கும்' என்று கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காமல் தொடங்கிய வேலை. ஒரே அறிகுறியை வெளிர்தோலிலும் கருந்தோலிலும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் அதன் முறை. கருந்தோல் படங்களைத் தனி அத்தியாயமாகப் புத்தகத்தின் பின்பகுதியில் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். பின்பகுதியில் வைத்தால் அது விதிவிலக்கு ஆகிவிடும். பக்கத்தில் வைத்தால்தான் இரண்டையும் இணைக்கும் பொது அடையாளத்தைக் கண் தானாகத் தேடும்.

ஆனால் படத்தைச் சேர்ப்பதற்கு முன் ஒரு சங்கடம் இருக்கிறது. படத்தின் கீழே எழுதும் நோயின் பெயர் சரிதானா? கருந்தோலில் நோயை அடையாளம் காண மருத்துவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதால்தானே நோய்ப் படங்களின் தொகுப்பான அட்லஸ் வேண்டும் என்கிறோம். அதே மருத்துவர்கள் பார்வையால் மட்டும் இட்ட பெயரை நம்பி அட்லஸ் செய்தால், தவறையே அச்சிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

இதை நேராக எதிர்கொண்ட தொகுப்பு, ஸ்டான்ஃபோர்டில் ரொக்ஸானா தனேஷ்ஜூவும் சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்டது. 2010 முதல் 2020 வரை அங்கே தோலிலிருந்து துணுக்கு எடுத்து பயாப்சி செய்தவர்களின் பதிவுகளைத் தேடினார்கள். நுண்ணோக்கியில் உறுதியான நோய்ப்பெயர் இருக்கும் படங்களை மட்டும் எடுத்தார்கள். 570 பேரின் 656 படங்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் முதல் இரண்டு வகைக்கு 208, நடு இரண்டுக்கு 241, கடைசி இரண்டுக்கு 207. வெளிர்தோல், கருந்தோல் படங்களை நோய், வயது, பாலினம், படம் எடுத்த காலம் இவற்றில் ஒத்துப்போகும்படி இணை சேர்த்தார்கள். ஒரு பக்கம் முதியவரின் புற்றுக்கட்டியும் மறுபக்கம் இளைஞரின் மருவும் இருந்தால் ஒப்பீடே செல்லாது என்பதால் இந்தச் சிரமம். கணினி நிரல்களைச் சோதிப்பதற்காகத்தான் இதைத் தொகுத்தார்கள்; கருந்தோலில் அவை சறுக்கின. கூடவே, படத்தைப் பார்த்து மட்டும் பெயரிட்ட தோல் மருத்துவர்களின் கணிப்பும் கருந்தோலில் கூடுதலாகத் தவறியது தெரியவந்தது. சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது.

இந்த வழியின் குறையும் அதன் பலத்திலேயே இருக்கிறது. பயாப்சி எப்போது செய்வார்கள்? கட்டி, மச்சம், புற்று என்று சந்தேகம் வரும்போது. எக்சிமாவுக்கும் காணாக்கடிக்கும் அம்மைக்கும் யாரும் சதையை வெட்டிப் பார்ப்பதில்லை. எங்கே சிவப்பு ஏமாற்றுகிறதோ அந்த நோய்களே இந்தத் தொகுப்பில் குறைவு. அந்த இடைவெளியை நிரப்ப 2024இல் கூகிளும் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்களும் வேறு வழியில் போனார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் தாமே அனுப்பிய படங்கள், ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடமிருந்து பத்தாயிரத்துக்கு மேல். அலர்ஜி, அழற்சி, தொற்று என்று அன்றாடத் தொல்லைகளே அதிகம். ஆனால் அங்கே நோய்ப்பெயர் என்பது தோல் மருத்துவர்கள் படத்தைப் பார்த்துக் கணித்தது மட்டும்தான். ஒன்றில் பெயர் உறுதி, நோய் வகை குறுகல். மற்றதில் நோய் வகை விரிவு, பெயர் உறுதியில்லை. இரண்டையும் ஒருசேரத் தரும் தொகுப்பு வேண்டுமென்றால் நோயாளியைச் சில வாரம் தொடர்ந்து பார்த்து, சிகிச்சைக்கு நோய் எப்படி இறங்குகிறது என்பதையும் பதிந்து, பிறகுதான் பெயரை எழுத வேண்டும். பணமும் பொறுமையும் தின்னும் வேலை அது.

அடுத்தது, 'எல்லா நிறமும்' என்பதை எப்படி அளப்பது என்ற கேள்வி. இவ்வளவு நேரம் நானும் சொல்லிக்கொண்டிருந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவு நிறத்துக்காக உண்டானதே இல்லை. 1975 வாக்கில் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், சோரியாசிஸுக்குப் புற ஊதா ஒளிச் சிகிச்சை கொடுக்கும்போது எவ்வளவு ஒளி கொடுத்தால் தோல் வேகாது என்று கணிக்கச் செய்தது. வெயிலில் வெந்துபோகுமா, கருக்குமா என்ற கேள்விதான் அதன் அடிப்படை. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகை. பழுப்பும் கறுப்பும் பிறகுதான் ஐந்து, ஆறு என்று சேர்ந்தன. உலகத்தின் பெரும்பகுதி மக்கள் பின்னால் ஒட்டிய இரண்டு மூன்று பெட்டிக்குள் அடைபட்டார்கள். நம் வீடு ஒன்றில் அண்ணன், தங்கை, பாட்டி என்று பார்த்தாலே அந்தப் பெட்டிகள் போதாது. ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கி 2022இல் வெளியான பத்து நிறப் பட்டியல் இதைவிட நன்றாக விரிகிறது.

கண்ணால் பார்த்து வகை சொல்வதைவிடக் கருவியால் அளப்பது இன்னும் உறுதி. தோலில் வைத்து அழுத்தும் சிறு நிறமானி மூன்று எண் தரும். அவற்றில் L வெளிச்சம், b மஞ்சள். அவற்றிலிருந்து ITA என்ற ஒரு கோணம் கணக்கிடுவார்கள்.

```
ITA = arctan((L − 50) / b) × 180 / π
மேல்கையின் உட்புறம்: L = 55, b = 18  →  +15.5°
நெற்றி:              L = 44, b = 17  →  −19.4°
```

எண்களை எடுத்துக்காட்டுக்காக நான் போட்டிருக்கிறேன். ஆனால் வெயிலில் வேலை செய்யும் ஒருவருக்கு இப்படி வருவது சாதாரணம். 10 டிகிரிக்கும் 28க்கும் இடையில் இருந்தால் மாநிறம் போன்ற ஒரு வகை, 10க்குக் கீழே மைனஸ் 30 வரை பழுப்பு வகை. ஒரே ஆள் கையில் ஒரு வகை, நெற்றியில் வேறு வகை. ஆகவே அட்லஸில் 'இவர் எந்த நிறத்தவர்' என்று எழுதுவதைவிட, 'நோய் இருக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தோல் எந்த நிறம்' என்று எழுதுவதே பயன்படும். அழற்சியை நாம் ஒப்பிட்டுப் பார்ப்பது பக்கத்துத் தோலோடுதான்.

படம் எடுப்பதிலும் அதே கதை. கேமரா தானாக ஒளியைக் கணிக்கும்போது காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சமானது என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் கரிய கையை வைத்தால், விரிப்பின் வெளிச்சத்தைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். கை இருண்டுபோகும், ஊதாத் திட்டு தொலையும். ஃபிளாஷ் போட்டால் எண்ணெய்ப்பசையுள்ள தோல் மின்னும், அதன் அடியில் இருப்பது மறையும். நல்ல படங்களுக்கு இவ்வளவு போதும்: ஜன்னல் ஓரத்துப் பக்கவாட்டு வெளிச்சம், வெள்ளை அல்லாத மங்கலான பின்னணி, ஒரு நிற அட்டை, தோலின் மேல் ஒளியளவை வைத்துப் பூட்டிய கேமரா. சட்டத்துக்குள் நோயில்லாத தோலும் வர வேண்டும். ஒரு படம் போதாது. நோய் கொதிக்கும்போது ஒன்று, அடங்கும்போது ஒன்று, அடங்கியபின் கறுப்புத் தழும்பாக நிற்கும்போது ஒன்று. கருந்தோலில் கடைசி நிலை மாதக்கணக்கில் நிற்கும். நோய் போன பிறகும் அந்தக் கறுப்பைப் பார்த்து இன்னும் குணமாகவில்லை என்று மருந்தை நீட்டிப்பதும், உயிரோடிருக்கும் நோயை வெறும் தழும்பு என்று விட்டுவிடுவதும் இரண்டும் நடக்கிற தவறுகள். விரலால் தொட்டு, சூடும் தடிப்பும் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். குழந்தையானால் தாயைக் கேட்டாலே போதும். 'நேத்து இங்க இவ்வளவு கறுப்பு இல்லீங்க' என்று அவர் சொல்வது மதிப்பெண் தாளைவிட நம்பகமான தகவல்.

கடைசியில் படத்தின் கீழே எழுதும் வரி. பழைய புத்தகத்தில் எக்சிமா படத்துக்குக் கீழே இப்படி இருக்கும்: 'முழங்கால் மடிப்பில் சிவந்த, செதில் உள்ள தடிப்புகள்.' புதிய அட்லஸுக்காக அதே வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'முழங்கால் மடிப்பில் தடிப்புகள், மேலே சாம்பல் நிறச் செதில், சொறிந்த கோடுகள். தொட்டால் சூடு. பக்கத்துத் தோல் கரும்பழுப்பு, ITA −35°. தடிப்பு அதைவிடக் கறுத்து ஊதா கலந்திருக்கிறது. வெளிர்தோலில் இதே நிலை இளஞ்சிவப்பாகத் தெரியும், எதிர்ப்பக்கப் படம் காண்க. ஐந்து வயது, நோய் தொடங்கி இரண்டு வாரம். ஆறு வாரச் சிகிச்சைக்குப் பின் அடங்கியது. அப்போது எடுத்த படம் கீழே.'